ஒரே ஒரு பன்னுக்கு

கடிதத்தை எழுதியது கடைக்காரம்மா. அதில் அந்த ஒரு வரியைச் சேர்க்கச் சொன்னது அவள் வீட்டுக்காரர். பிற்பாடு யார் தப்பு என்று பேச்சு வந்தபோது இரண்டு பேருமே "நான்தான்" என்றார்கள். சாதாரணமாக அந்த வீட்டில் ஒரு கரண்டி தொலைந்தால்கூட "நீதான்" என்று ஆரம்பிக்கிற இரண்டு பேர்.

அது ஒரு சின்ன ரொட்டிக்கடை. பின்கட்டில் அவர் மாவு பிசைவார், அடுப்பைப் பார்த்துக்கொள்வார். முன்னால் அவள் கல்லாவில் இருப்பாள். நடுவில் ஒரு திரைச்சீலை. திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் சுவரில் கடை டெலிபோன். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் ஓடுகிறது. இந்தப் பக்கத்திலிருந்து அவள் கத்துவாள், அந்தப் பக்கத்திலிருந்து அவர் கேலி பேசுவார்.

மாதக் கடைசியில் கார்டு மெஷின் கம்பெனியிலிருந்து கணக்கு வந்தது. அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் படித்தாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். போன மாசம் மெஷின்காரனுக்கு நாம எவ்வளவு குடுத்திருக்கோம் தெரியுமா?"

"சொல்லாதே. கையில மாவு இருக்கு, தலையில அடிச்சுக்க முடியாது."

"அடுப்புக்கு ஆன கேஸ் செலவைவிட ஜாஸ்திங்க."

அவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். "அப்ப ஒண்ணு பண்ணு. அந்த மெஷின் மேலயே ரொட்டி சுட்டுடறேன்."

"விளையாடாதீங்க. எல்லாரும் பண்றாங்க, நாமளும் கிரெடிட் கார்டுக்கு மட்டும் நூத்துக்கு ரெண்டு கூடப் போடலாம். நமக்கு ஆகற செலவுக்கு மேல ஒரு காசு வாங்கக்கூடாதுன்னு கம்பெனி விதி இருக்கு. ரெண்டுன்னா அதுக்குள்ளதான் வருது. ஆனா சும்மா போர்டு மாட்டினா மூஞ்சியைத் தூக்குவாங்க. லெட்டரா எழுதுவோம். ஏன், எதுக்குன்னு சொல்லி."

"எழுது. நீ எழுதினா நான் படிச்சு அழுவேன், மத்தவங்களும் அழுவாங்க."

அன்று மத்தியானம் கூட்டம் ஓய்ந்ததும் உட்கார்ந்து எழுதினாள். அவள் எழுதியதை அவர் வாங்கிப் படித்தார்.

"எல்லாம் சரி. உப்பில்லாம இருக்கே. ஜனங்களுக்கு ஒரு உதாரணம் வேணும்டி. நூத்துக்கு ரெண்டுன்னா யாருக்குப் புரியும்? ஒரு பன்னுன்னு சொல்லு, புரியும்."

"எந்தப் பன்னு?"

"எந்தப் பன்னா? நம்ம பன்னம்மா வாங்குதே, தினம் ஒண்ணு, அந்தப் பன்னு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். பன்னம்மா என்பது அவர்கள் வைத்த பெயர். நாலு தெரு தள்ளி மாடி வீட்டில் தனியாக இருக்கும் ஓர் அம்மா. எழுபது வயது இருக்கும். காலை எட்டு பத்துக்கு வருவாள். ஒரே ஒரு பன்னு வாங்குவாள். பைக்குள் இருந்து ஒரு கார்டை எடுத்து, மெஷினில் ஒரு தட்டு. அது 'பீப்' என்று சொன்ன பிறகுதான் பன்னை எடுப்பாள். மழையோ வெயிலோ, இரண்டு வருஷமாக. "ஒரு வாரத்துக்குச் சேர்த்து வாங்கிக்கலாமேம்மா" என்றால், "பழைய பன்னு பல்லுக்கு ஆகாது" என்பாள்.

கடைக்காரம்மா அந்த வரியைச் சேர்த்தாள். மனதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கைக்கு வந்த உதாரணம், அவ்வளவுதான்.

மறுநாள் கடிதம் கண்ணாடிக் கதவில் ஒட்டப்பட்டது. கேட்ட வாடிக்கைக்காரர்கள் கையிலும் ஒவ்வொன்று கொடுத்தார்கள்.

*அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,*

*வருகிற ஒன்றாம் தேதியிலிருந்து கிரெடிட் கார்டில் பணம் கொடுப்பவர்களிடம் நூற்றுக்கு இரண்டு வீதம் கூடுதலாக வாங்க வேண்டியிருக்கிறது. இது எங்களுக்கு லாபம் அல்ல. நீங்கள் கார்டைத் தட்டும்போதெல்லாம் மெஷின் நிறுவனம் நூற்றுக்கு இரண்டுக்குச் சற்று மேலும், அது போகத் தட்டலுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையும் எங்களிடம் பிடித்துக்கொள்கிறது. பின்னதை நாங்களே ஏற்றுக்கொள்கிறோம். ஒரே ஒரு பன்னுக்குக் கார்டு தட்டினால், அந்தப் பன்னில் எங்களுக்கு மிஞ்சுவது வாசனை மட்டும்.*

*கூடுதல் இல்லாமல் கொடுக்க வழிகள் உண்டு. ரொக்கமாகக் கொடுக்கலாம். டெபிட் கார்டில் கொடுக்கலாம். அதற்கு எங்களுக்கு ஆகும் செலவு குறைவு. கல்லாவில் ஒட்டியிருக்கும் கட்டத்தைப் போனில் ஸ்கேன் செய்து உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நேராக அனுப்பலாம். தினமும் வருகிறவர்கள் மாதத்துக்கு ஒரு முறை முன்பணம் கட்டிவைத்துக் கழித்துக்கொள்ளலாம்.*

*கார்டு கொடுத்தால் கூடுதல் எவ்வளவு என்பது தட்டுவதற்கு முன்பே மெஷின் திரையில் தெரியும். வேண்டாமென்றால் அப்போதே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். சந்தேகம் இருந்தால் கடை எண்ணுக்குப் பேசுங்கள்.*

முதலில் வந்தது டாக்ஸிக்காரர். நின்று படித்துவிட்டு, "அக்கா, நான் ரொக்கம்தான். எனக்கு நூத்துக்கு ரெண்டு குறைப்பீங்களா?" என்றார்.

"உனக்கு நூத்துக்கு ரெண்டு அறை வேணா தரேன்."

"அதுக்குக் கார்டு தேவையில்லைல்ல?"

வாத்தியார் ஒருவர் எழுத்துப்பிழை தேடிப் படித்து, இல்லை என்று வருத்தப்பட்டுப் போனார். டெலிபோன் அடித்தபடியே இருந்தது. "போன் உங்க பொறுப்பு" என்று அவள் சொல்லிவிட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அவர் மாவுக் கையோடு ரிசீவரைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு, "ஆமாங்க, கிரெடிட் மட்டும்தான்... இல்லைங்க, டெபிட்டுக்கு இல்லை..." என்று ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தார்.

ஒன்றாம் தேதி எட்டு பத்துக்குப் பன்னம்மா வந்தாள். கதவில் ஒட்டியிருந்ததை அன்றைக்குத்தான் முதல்முறையாக நின்று படித்தாள். ஒரு தடவை படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். உள்ளே வந்து, பைக்குள் கையை விட்டவள், கார்டை எடுக்காமல் சில்லறையை எடுத்தாள்.

"இந்தா. எண்ணிக்க."

"ஐயோ, உங்களுக்கு என்னம்மா! நீங்க எப்பவும் போலத் தட்டுங்க. நான் ஒண்ணும் போடமாட்டேன்."

"அதெப்படி? ஊருக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?" கதவுப் பக்கம் தலையை ஆட்டினாள். "அந்த ஒரே ஒரு பன்னு நான்தானே?"

கடைக்காரம்மாவுக்கு முகம் சுட்டது. "இல்லம்மா, அது சும்மா ஒரு பேச்சுக்கு..."

"மழுப்பாதே. ரெண்டு வருஷமா உங்களுக்கு வாசனையை மட்டும் மிச்சம் வச்சிருக்கேன். எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா தட்டியிருக்க மாட்டேன். உழைக்கிறவங்க லாபத்தைத் தின்னா பன்னு தொண்டையில இறங்குமா?"

"சரி, அப்ப ஒண்ணு பண்ணலாம். மாசத்துக்கு ஒரு தடவை மொத்தமாத் தட்டிடுங்க. நான் நோட்டுல குறிச்சுக்கறேன். தினம் வந்து பன்னு மட்டும் எடுத்துட்டுப் போங்க."

பன்னம்மா சிரித்தாள். சிரிப்பு மாதிரி இருந்தது, ஆனால் சிரிப்பு இல்லை.

"மாசத்துக்கு ஒரு தடவை நான் உயிரோட இருந்தா போதுமாம்மா?"

கடைக்காரம்மாவுக்குப் புரியவில்லை. பன்னம்மா பின்னால் பார்த்தாள். கடையில் வேறு யாரும் இல்லை. திரைக்கு அந்தப் பக்கம் தட்டுகள் உரசும் சத்தம்.

"அவருக்குக் கேக்குமா?"

"அடுப்பு சத்தத்துல இடி விழுந்தாலும் கேக்காது."

"கேக்க வேணாம். ஆம்பளைங்க, கேலி பண்ணுவாங்க. நீயும் அவர்கிட்ட சொல்லக்கூடாது." கல்லா மேசையில் கையை ஊன்றிக்கொண்டாள். "இந்தக் கிரெடிட் கார்டு என் மகளோடது. வெளியூர்ல இருக்கா. அவ கணக்குல எனக்குன்னு கூடுதலா ஒரு கார்டு வாங்கி, தபால்ல அனுப்பினா. கூட ஒரு துண்டுச் சீட்டு. 'அம்மா, செலவுக்கு.' ரெண்டே வார்த்தை. அதுவும் அவங்கப்பா போய் மூணு மாசம் கழிச்சு."

"பேசறதில்லையா?"

"அவங்கப்பாவை எடுத்த மறுநாள்தான் வந்து சேர்ந்தா. என்னவோ ஆபீஸ், என்னவோ ஃபிளைட்டு. வாசல்ல வச்சே சொன்னேன், வந்த வழியே போடின்னு. போயிட்டா." பன்னம்மா சில்லறையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். "நான் சொன்னா கேக்கவே மாட்டா, சின்ன வயசிலேருந்து. அன்னிக்கு மட்டும் கேட்டா பாரு."

கடைக்காரம்மா ஒரு ஸ்டூலை அவள் பக்கம் நகர்த்திப் போட்டாள்.

"எனக்குப் பென்ஷன் வருது. அவ காசு வேணாம். ஆனா இந்தக் கார்டைத் தட்டினா அவ போனுக்கு மெசேஜ் போகும். கடை பேரு, எவ்வளவு, எத்தனை மணின்னு. பேங்க்ல கேட்டுத் தெரிஞ்சுகிட்டேன். அதான் தினம் ஒரு பன்னு. எட்டு பத்துக்கு. அம்மா எழுந்தாச்சு, நடந்தாச்சு, கடை வரைக்கும் வந்தாச்சு. அவளுக்குத் தெரியும். அவ பாக்கறான்னு எனக்குத் தெரியும். பேச்சுவார்த்தை இல்லைன்னு யார் சொன்னா? ரெண்டு வருஷமா தினம் பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்."

கடைக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அம்மா, அந்தக் கடுதாசியை நான் இப்பவே கிழிச்சுப் போடறேன். நீங்க தட்டுங்க. உங்க காலைத் தொட்டுக் கேக்கறேன்."

"கிழிக்காதே. உன் கடுதாசி நல்ல நேரத்துலதான் வந்திருக்கு. பேசறது எல்லாம் நான் மட்டும்தானே பேசறேன்? அவ என்னிக்காவது பதில் சொன்னாளா? நின்னு போகட்டும். நின்னா கேக்கறாளா பாப்போம்."

"நானே அவங்களுக்குப் பேசட்டுமா? நம்பர் குடுங்க."

"வேணாம். சொல்லிக் கேக்கறது வேற, தானாக் கேக்கறது வேற." பன்னை எடுத்துப் பைக்குள் வைத்தாள். "எனக்குப் பேசமாட்டா. ரோஷக்காரி. என் வயித்துல பிறந்தவதானே? ஆனா உன் கடை பேரு மெசேஜ்ல இருக்கு. இங்கதான் கேப்பா. கேட்டா சொல்லு."

"நிச்சயமா சொல்றேன்மா."

மறுநாள் வந்தாள். சில்லறை கொடுத்தாள். "யாராவது கேட்டாங்களா?"

"இல்லம்மா."

"ஒரு நாள்தானே ஆச்சு."

மூன்றாம் நாள், நான்காம் நாள். "யாராவது?" "இல்லம்மா." "வேலை இருக்கும்." ஐந்தாம் நாள் வாசலிலேயே நின்று கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். கடைக்காரம்மா தலையை மட்டும் அசைத்தாள். ஏழாம் நாள் பன்னம்மா கேட்கவே இல்லை. சில்லறையை வைத்தாள், பன்னை எடுத்தாள், கதவு வரை போய்த் திரும்பினாள்.

"பாரு, ரெண்டு வருஷமா நான்தான் தனியாப் பேசிக்கிட்டு இருந்திருக்கேன். பைத்தியக்காரி மாதிரி."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா. மெசேஜ் வர்றது எல்லாம் யாரு பாக்கறா? எனக்கும்தான் நூறு வருது."

"அதைத்தாம்மா நானும் சொல்றேன்."

கடைக்காரம்மாவுக்கு அன்று முழுக்க வேலை ஓடவில்லை. மீதிச் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்தாள். வீட்டுக்காரர் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தார்.

"என்னடி, கப்பல் கவுந்த மாதிரி இருக்கே?"

"ஒண்ணுமில்லை. போன் எதுவும் வந்துதா?"

"வராம? கடுதாசி எழுதினவ நீ, பதில் சொல்றவன் நான். குரல் கட்டிப்போச்சு. எல்லாம் அதே கேள்விதான்."

"கடுதாசி விஷயம்தானே எல்லாம்?"

"வேற என்ன, என்னைப் பொண்ணு பாக்கவா பேசுவாங்க?"

அவள் மேலே கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்பார், ஏன் என்றால் சொல்ல வேண்டிவரும். சொல்லமாட்டேன் என்று வார்த்தை கொடுத்திருந்தாள்.

பத்தாம் நாள் பன்னம்மா வரவில்லை. மழை தூறியது, அதனால் இருக்கும் என்று நினைத்தாள். மழையில்கூட வராமல் இருந்ததில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஆனால் அப்போதெல்லாம் தட்ட வேண்டியிருந்ததே, இப்போது வெறும் பன்னுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பதினோராம் நாள் எட்டு பத்து ஆயிற்று. எட்டரை ஆயிற்று. கடைக்காரம்மா ஒரு பன்னைத் தாளில் சுற்றிக்கொண்டு, "கல்லாவைப் பாத்துக்கங்க" என்று கத்திவிட்டு ஓடினாள்.

கீழ்வீட்டில் தையல்காரம்மா இருந்தாள். "ரெண்டு நாளா மேல நடமாட்டமே கேக்கலையே" என்றாள் அவளும். அவளிடம் மாற்றுச் சாவி இருந்தது. இருவரும் மேலே போனார்கள். பன்னம்மா குளியலறை வாசலில் விழுந்து கிடந்தாள். மூச்சு இருந்தது. ஒரு கை மட்டும் தரையைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பரிசோதித்துவிட்டு, "எப்ப விழுந்தாங்க?" என்றார்.

"தெரியலைங்க. முந்தாநாள் கடைக்கு வந்தாங்க. நேத்து வரலை."

"அப்ப நேத்துக் காலையிலேயே இருக்கும். வீட்டுல வேற யாரும் இல்லையா? போன் பண்றவங்க, விசாரிக்கறவங்க?"

டாக்டர் மேற்கொண்டு எதுவும் சொல்லாமல் போய்விட்டார். அவர் சொல்லாமல் போனதே போதுமாக இருந்தது.

தையல்காரம்மாவிடம் மகளின் எண் இருந்தது. அப்பாவின் சாவுக்கு வந்தபோது வாங்கி வைத்தது. கூப்பிட்டார்கள். எதிர்முனையில் "கிளம்பிட்டேன்" என்று மட்டும் குரல் வந்தது.

சாயங்காலம் பன்னம்மா கண் திறந்தாள். பேச்சு போய்விட்டது. வாயில் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள். வாசலில் நின்று பார்ப்பாளே, அதே பார்வை. என்ன கேட்கிறாள் என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"உங்க மகளுக்குச் சொல்லிட்டோம்மா. வந்துகிட்டு இருக்காங்க. காலையில வந்துடுவாங்க."

பன்னம்மா இன்னும் பார்த்தாள். அவள் கேட்டது அது இல்லை. சொல்லிக் கேட்பது வேறு, தானாகக் கேட்பது வேறு. கடைக்காரம்மாவுக்கு ஒரு பொய் நாக்கு நுனி வரை வந்தது. இத்தனை நாளாகத் தன் முகத்தைப் படித்தே பழகிப்போன கண்கள் அவை. பொய் சொல்லத் துணிவு வரவில்லை. அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள்.

பன்னம்மா கண்ணை மூடிக்கொண்டாள். விடிவதற்குள் போய்விட்டாள். மகள் வந்தபோது மணி ஏழு.

எல்லாம் முடிந்து நான்கு நாளைக்குப் பிறகு மகள் கடைக்கு வந்தாள். நாற்பத்தைந்து வயது இருக்கும். அம்மாவின் நெற்றி, அம்மாவின் நடை. கதவில் இருந்த கடிதத்தை நின்று படித்தாள். ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

"நீங்கதானே அம்மாவை ஆஸ்பத்திரியில சேத்தது? ரொம்ப நன்றி அக்கா."

"நன்றி சொல்லாதேம்மா. நீ நன்றி சொன்னா நான் செத்துப்போவேன்."

"அம்மா தினம் இங்க வருவாங்க இல்ல? எட்டு பத்துக்கு."

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாம?" மகள் போனை எடுத்துக் காட்டினாள். விரலால் தள்ளத் தள்ள, ஒரே கடை பேர், ஒரே தொகை, எட்டு பத்து, எட்டு பதினொன்று, எட்டு ஒன்பது என்று மேலே ஓடிக்கொண்டே இருந்தது. ஒன்றைக்கூட அழிக்கவில்லை. "இது வந்தாதான் நான் காப்பி குடிப்பேன். ஒரு தடவை காய்ச்சல் போல, ஒரு நாள் வரலை. அன்னிக்கு ராத்திரியே டிக்கெட் போட்டுட்டேன். மறுநாள் காலையில மெசேஜ் வந்துச்சு. கேன்சல் பண்ணினேன். பண்ணியிருக்கக் கூடாது. அப்பவே வந்திருக்கணும்."

"அப்ப இந்தத் தடவை..." கடைக்காரம்மா அந்தப் போனைத் தன் பக்கம் திருப்பினாள். "இந்தத் தடவை ஏம்மா கேக்கலை? தினம் வந்து கேட்டாங்களே, யாராவது கேட்டாங்களான்னு. நானும் இல்லை இல்லைன்னே சொன்னேனே."

மகள் நிமிர்ந்தாள். "நான் பேசினேனே."

"என்ன?"

"மூணாவது நாளே பேசினேன். கடைக்கு. ஒரு ஆம்பளைக் குரல். 'தினம் ஒரு பன்னு கார்டுல வாங்குவாங்களே ஒரு அம்மா, அந்தக் கார்டு ஏன் இப்ப வரலை'ன்னு கேட்டேன். நல்லா இருக்காங்க, தினம் வர்றாங்க, கேஷ்தான் குடுக்கறாங்கன்னார். அப்புறம் சொன்னார்..." போனின் திரையை அணைத்தாள். "அவங்களுக்கே கார்டு வேணாமாம்னு சொன்னார். சரி, என் கார்டுகூட வேணாம்னு அம்மா முடிவு பண்ணிட்டாங்கன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் மெசேஜ் வரலைன்னா எனக்குப் பயமே வரலை அக்கா. கோபம்தான் வந்துச்சு. அந்த ரெண்டு நாளும்கூட."

திரைக்கு அந்தப் பக்கம் தட்டு உரசும் சத்தம் நின்றுபோயிருந்தது.

கடைக்காரம்மா திரும்பினாள். "ஏங்க."

அவர் வெளியே வந்தார். கையில் மாவு. முகத்தில் கேலி இல்லை. அந்த முகத்தை அப்படி அவள் பார்த்ததே இல்லை.

"கார்டு கம்பெனியிலேருந்து பேசறாங்கன்னு நினைச்சேன்" என்றார். "கார்டு ஏன் வரலைன்னு கேட்டதும், நாம கூடுதல் போடறதை விசாரிக்கறாங்க, அபராதம் கிபராதம் போட்டுடுவாங்கன்னு பயந்துட்டேன். அதான், நாங்க கட்டாயப்படுத்தலை, அவங்களுக்கே கார்டு வேணாமாம்னு... என் தலையைக் காப்பாத்திக்கச் சொன்னேன். உன்கிட்ட சொன்னா நீ கவலைப்படுவேன்னு சொல்லலை."

"என்கிட்ட சொல்லலையா? போன் வந்துதான்னு நான் கேட்டேனே!"

"கேட்டே. கடுதாசி விஷயம்தானேன்னு கேட்டே. ஆமான்னேன். அது கடுதாசி விஷயம்னுதான் நினைச்சேன்." மாவுக் கையை இடுப்புத் துணியில் துடைத்தார். "நீ மட்டும் என்னத்தைச் சொன்னே? பன்னம்மா மக கூப்பிடுவான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

"சொல்லக்கூடாதுன்னு அவங்க..." அவள் திரைச்சீலையைப் பார்த்தாள். ஒரே கடை. நடுவில் ஒரு முழத் துணி. கேள்வி இந்தப் பக்கம் நின்றது, பதில் அந்தப் பக்கம் நின்றது, அத்தனை நாள்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு கடைக்காரம்மாவிடம் மட்டும் கேட்டாள், மிகவும் மெதுவாக:

"நான் பேசினது அம்மாவுக்குக் கடைசியிலயாவது தெரியுமா?"

தெரியும் என்று சொல்லிவிட வேண்டும் என்று கடைக்காரம்மாவுக்குத் தோன்றியது. ஆஸ்பத்திரியில் அம்மாவுக்குச் சொல்லாத பொய்யை இங்கே மகளுக்காவது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள்.

"தெரியாதும்மா" என்றார் அவர். "நான் சொல்லலை. அவங்களுக்குத் தெரியாமலே போயிட்டாங்க. தப்பு என்மேல. இவமேல இல்லை."

"என்மேலதான்" என்றாள் கடைக்காரம்மா. "அந்தக் கடுதாசியை எழுதினதே நான்தான்."

"அந்தப் பன்னு வரியைச் சொன்னது நான்."

மகள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார்கள், கத்தியிருந்தால் தாங்கியிருப்பார்கள். கடைக்காரம்மா விடுவிடுவென்று போய்க் கதவில் இருந்த கடிதத்தின் ஓரத்தைப் பிடித்தாள்.

"விடுங்க அக்கா" என்றாள் மகள். "அதுல பொய் எதுவும் இல்லையே. கேக்கறதுக்கு அம்மாவோட நம்பரே என்கிட்ட இருந்துச்சு. அதை விட்டுட்டு உங்க நம்பருக்குப் பேசினேன் பாருங்க, அதைக் கிழிக்க முடியுமா?"

அவள் கல்லாவுக்கு வந்தாள். கைப்பையைத் திறந்தாள். அதே கார்டு. அம்மாவின் பையிலிருந்து எடுத்தது. மூலை தேய்ந்து வெளுத்திருந்தது.

"ஒரு பன்னு குடுங்க."

"எடுத்துக்கம்மா. காசு வேணாம்."

"அம்மா சும்மா எடுத்துக்கிட்டாங்களா?"

"இல்லை."

"அப்ப மெஷினை வைங்க. கூடுதலும் போடுங்க. நாளைக்கு இந்தக் கார்டை நிறுத்தச் சொல்லி பேங்க்குக்கு எழுதிக் குடுக்கணும். இன்னிக்கு ஒரு நாள்."

கடைக்காரம்மா இருபது என்று அடித்தாள். திரையில் கூடுதல் நாற்பது காசு என்று வந்தது. மகள் அதைப் படித்துவிட்டுத் தலையசைத்தாள். கார்டை மேலே வைத்தாள். மெஷின் 'பீப்' என்றது.

அடுத்த நொடி, அவள் இன்னொரு கையில் இருந்த போன் அதிர்ந்தது.

மகள் அதைத் தூக்கிப் பார்த்தாள். கடையின் பேர். இருபது, நாற்பது காசு. மணி எட்டு பன்னிரண்டு.

"ரெண்டு நிமிஷம் லேட்டு" என்றாள். பிறகு பன்னை எடுக்க மறந்து, அந்தக் கல்லா மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.